‘நல்லா இருக்கா பாருங்க’ என்று வரும் படிவம்

கருத்தறியும் படிவம் ஒன்றை எழுதி முடித்தவர், அச்சுக்குக் கொடுக்குமுன் தெரிந்தவர் ஒருவருக்கு அதை அனுப்பி, ‘நல்லா இருக்கா பாருங்க’ என்று மட்டும் கேட்பது வழக்கம். எழுத்துப்பிழை திருத்தமும் ஒரு பாராட்டும் கிடைத்தால் அவருக்குப் போதும். கேள்விக்குள் இருக்கும் கோளாறு அவர் கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு கேள்வியையும் எதற்காக எழுதினோம் என்பது அவருக்குத் தெரியும். அந்த எண்ணத்தோடு சேர்த்தேதான் அவர் அதை வாசிக்கிறார். பதில் சொல்லப் போகிறவர் கையில் இருப்பதோ தாளில் அச்சான சொற்கள் மட்டும். ஆகவே சரிபார்ப்பவர், யாரும் கேட்காவிட்டாலும், இரண்டு கோளாறுகளைத் தேடிப் பார்த்தாக வேண்டும். ஒன்று, பதிலை ஒரு பக்கமாகத் தள்ளும் கேள்வி. மற்றொன்று, ஒரே வாக்கியத்தில் இரண்டு விஷயங்களைக் கேட்டுவிட்டு ஒரே பதிலுக்கு மட்டும் இடம் விடும் இரட்டைக் கேள்வி.

தள்ளும் கேள்வி எப்போதும் பச்சையாகத் தெரியாது. ஸ்காட்லாந்து பிரிந்து தனிநாடாக வேண்டுமா என்று 2014 செப்டம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்புக்கு, அந்நாட்டு அரசு முதலில் முன்வைத்த கேள்வி, ‘ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?’ என்பது. பிரிட்டனின் தேர்தல் ஆணையம் அந்த வாசகத்தை வாக்காளர்களிடம் கொடுத்துச் சோதித்தது. ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்ற பகுதி ‘ஆம்’ என்ற பதிலுக்குச் சாதகமாக இருக்கிறது என்று கண்டு, ‘ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா?’ என்று சுருக்கச் சொல்லி 2013 ஜனவரியில் பரிந்துரைத்தது. அரசும் ஏற்றுக்கொண்டது. முதல் வாசகத்தில் வசையோ புகழோ எதுவும் இல்லை. ஆனாலும் எதிரில் இருப்பவர் ஒரு கருத்தைச் சொல்லி ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்றால், மறுப்பவர் அவரோடு முரண்பட வேண்டியிருக்கிறது. உறுதியான கருத்து இல்லாதவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

தமிழ் இலக்கணம் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. கணிப்புப் படிவத்துக்கு வேண்டியது தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கும் அறியா வினா. நடைமுறையில் பல படிவங்களில் வந்து உட்கார்ந்திருப்பது, கேள்வியின் உருவில் வேலை ஏவும் ஏவல் வினாவின் உறவுக்காரன்.

ஒரு கற்பனைப் படிவத்தை எடுத்துக்கொண்டு இந்தச் சரிபார்ப்பைச் செய்து பார்க்கலாம். சிற்றூர் ஒன்றின் கிளை நூலகம்; மாலை நேரத்தை நீட்டிக்கச் சொல்லி மனு கொடுக்க அங்குள்ள வாசகர் வட்டம் நினைக்கிறது. மனுவோடு இணைக்க வாசகர்களின் கருத்து வேண்டும். அதன் செயலாளர் எழுதிய படிவத்தில் நான்கு கேள்விகள் இப்படி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

‘நூலகம் இரவு 8 மணி வரை திறந்திருந்தால் மாணவர்களுக்குப் பெரிதும் பயன்படும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?’

‘நூலகத்தில் உள்ள புத்தகங்களும் பணியாளர்களின் அணுகுமுறையும் உங்களுக்குத் திருப்தி அளிக்கின்றனவா?’

‘போதிய இருக்கை இல்லாததால் நூலகத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டீர்களா?’

‘போட்டித்தேர்வு நூல்களுக்குத் தனிப்பிரிவு தேவையில்லை என்று நீங்கள் நினைக்கவில்லையா?’

நான்குக்கும் ‘ஆம் / இல்லை’ என்று இரண்டே கட்டங்கள்.

முதல் கேள்வியைச் சோதிக்க ஒரு எளிய வழி, எதிர்க்கருத்து உள்ளவராக மாறி அதை வாசிப்பது. இரவு 8 மணி வரை நூலகம் வேண்டாம் என்று நினைக்கும் ஒருவர் இந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்றால், மாணவர்களுக்குப் பயன்படுவதையே மறுத்தவர் ஆகிவிடுகிறார். அவர் சொல்ல வந்தது வேறாக இருக்கலாம்: ஊழியருக்குச் சிரமம் என்றோ, காலையில் முன்கூட்டித் திறப்பதே தனக்கு வசதி என்றோ. ‘மாணவர்கள்’, ‘பெரிதும்’, ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ ஆகிய மூன்றும் சேர்ந்து அவர் வாயை அடைக்கின்றன. இந்தக் கேள்விக்குப் பெரும்பான்மையோர் ‘ஆம்’ போட்டாலும் மனுவுக்கு அது வலுச் சேர்க்காது. மனுவைப் படிக்கும் அதிகாரி கேள்வியையும் சேர்த்துத்தான் படிப்பார். திருத்தம்: ‘மாலையில் நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?’ இப்போதுள்ள நேரம், 7 மணி, 8 மணி, எனக்கு எதுவானாலும் சரி என்று நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டத்தை விட்டுவிடக் கூடாது. அது இல்லையென்றால், அக்கறை இல்லாதவரின் பதிலும் ஏதோ ஒரு பக்கத்தில் போய்ச் சேரும்.

இரண்டாவது கேள்வி இரட்டைக் கேள்விக்குப் பாடப்புத்தக உதாரணம். புத்தகங்கள் பழையவை, ஆனால் நூலகர் தங்கமானவர் என்று நினைக்கும் வாசகர் எந்தக் கட்டத்தில் குறியிடுவார்? சிலர் முதலில் கேட்டதற்கு, சிலர் கடைசியில் கேட்டதற்கு, சிலர் மனதில் எது பெரிதாகப் படுகிறதோ அதற்குப் பதில் சொல்வார்கள். முடிவில் 60 பேர் ‘இல்லை’ என்றால், புத்தகம் வாங்க வேண்டுமா, பணியாளரிடம் பேச வேண்டுமா என்று யாராலும் சொல்ல முடியாது. இதைப் பிரித்து இரண்டு கேள்விகளாக்கினால் தீர்ந்தது.

ஆனால் ‘உம்’ வரும் இடமெல்லாம் கோளாறு என்று கோடு போட்டுக்கொண்டே போவதும் தவறு. ‘உங்கள் வீட்டில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறீர்களா?’ என்பதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். கேட்கப்படும் விஷயம் ஒன்றுதான். பார்க்க வேண்டியது, ஒரு பாதிக்கு ஆம், மறு பாதிக்கு இல்லை என்று சொல்ல விரும்பும் ஆள் இருக்க முடியுமா, இருந்தால் அவருக்கு உண்மையான பதில் தாளில் உண்டா என்பதை. நூலகக் கேள்வியில் அப்படிப்பட்ட ஆளுக்கு இடமில்லை. வேலைக் கேள்வியில், ஒருவர் மட்டும் போகும் வீட்டுக்கு ‘இல்லை’ என்பதே சரியான பதில்.

மூன்றாவது கேள்விதான் சரிபார்ப்பவர் கண்ணுக்கும் தப்பக்கூடியது. இதில் ‘உம்’ இல்லை, ஒரே வினைமுற்று, பார்க்க ஒற்றைக் கேள்வி போலவே இருக்கும். பிரித்துப் பார்த்தால் மூன்று விஷயங்கள் உள்ளே இருக்கின்றன: இருக்கை போதவில்லை, வாசகர் வருகை குறைந்திருக்கிறது, இரண்டாவதற்கு முதலாவதே காரணம். முதல் இரண்டையும் கேட்காமலேயே உண்மை என்று எடுத்துக்கொண்டு, மூன்றாவதை மட்டும் கேட்கிறது. வருகையைக் குறைத்துக்கொண்டவர், ஆனால் கண் மங்கியதால் குறைத்தவர், ‘இல்லை’ என்றே போட வேண்டும். வருகையைக் குறைக்காதவரும் ‘இல்லை’ என்றே போடுவார். எண்ணிப் பார்க்கும்போது இருவரும் ஒரே குவியலில் கிடப்பார்கள். ‘-ஆல்’, ‘-அதனால்’, ‘-இருந்தும்’ போன்ற முடிவுகளும், ‘சிறப்பாகச் செயல்பட்டுவரும் நம் நூலகத்தில்’ என்பது போன்ற அடைமொழிகளும் வரும் இடத்தில் வாசிப்பை நிறுத்தி, இதை யாரிடம் கேட்டு உறுதி செய்தோம் என்று பார்ப்பது நல்லது. திருத்தும்போது வரிசையாகக் கேட்க வேண்டும்: ‘கடந்த மூன்று மாதங்களில் உங்கள் வருகை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா?’ குறைந்திருக்கிறது என்பவருக்கு மட்டும், ‘என்ன காரணம்?’ என்று கீழே இரண்டு கோடுகள். (வருவதையே நிறுத்திவிட்டவரை நூலக மேசையில் வைத்த படிவம் எட்டாது. அது வாசகத்தின் கோளாறு இல்லை என்றாலும், செயலாளரிடம் ஒரு வரியில் சொல்லி வைக்கலாம்.)

நான்காவது கேள்வியில் ‘தேவையில்லை’, ‘நினைக்கவில்லையா’ என்று எதிர்மறை மேல் எதிர்மறை. ‘ஆம்’ என்று குறியிட்டவர் தனிப்பிரிவு வேண்டும் என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா? இத்தகைய வாசகம் எவ்வளவு பெரிய குளறுபடியில் முடியும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. 1992இல் ரோப்பர் நிறுவனம் நடத்திய கணிப்பில், நாஜிகள் யூதர்களை அழித்தது நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, சாத்தியமற்றது என்று தோன்றுகிறதா என்று கேட்டார்கள். 22 சதவீதம் பேர் ‘சாத்தியம்’ என்றார்கள்; நாடே அதிர்ந்தது. 1994இல் அதே நிறுவனம் வாசகத்தை மாற்றி, நடக்கவில்லை என்பது சாத்தியமா, அல்லது நடந்தது உறுதி என்று கருதுகிறீர்களா என்று கேட்டபோது, சாத்தியம் என்றவர்கள் ஒரு சதவீதம்தான். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் மக்கள் வரலாறு படித்துவிடவில்லை. கேள்வி புரியும்படி ஆனது.

குறைகளைச் சொல்லும் விதத்திலும் கவனம் தேவை. ‘நல்லா இருக்கா’ என்று கேட்டவருக்கு ‘மூன்றாவது கேள்வி இரட்டைக் கேள்வி’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், அவருக்குப் புரியாது; புரிந்தாலும் மனம் சுருங்கும். கேள்வியை அப்படியே எடுத்து எழுதி, பதில் சொல்ல முடியாமல் திணறப்போகும் ஓர் ஆளைக் காட்டி, அதன் கீழே மாற்று வாசகத்தைக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும். மனுவின் உயிர்நாடி நேரம் பற்றிய முதல் கேள்வி. அதைத் தலையில் வைக்க வேண்டும். நேரம் கேட்கும் மனுவுக்குத் தனிப்பிரிவுக் கேள்வி தேவையே இல்லை என்றால், திருத்துவதைவிட எடுத்துவிடச் சொல்வது மேல். பிரித்துப் பிரித்து நான்கு கேள்விகள் பத்தானால், நின்றபடி எழுதும் வாசகர் பாதியில் மடித்து வைத்துவிடுவார்.

சில இடங்களில் கை வைக்காமல் இருப்பதே சரி. சென்ற ஆண்டும் இதே வாசகத்தில் கேட்டு, இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிடப் போகிறார்கள் என்றால், வாசகத்தை மாற்றியதும் ஒப்பீடு போய்விடும். பழைய கேள்வியை வைத்துக்கொண்டு புதியதைத் தனியாகச் சேர்க்கலாம். வேண்டுமென்றே கொஞ்சம் சாய்த்துக் கேட்பதும் உண்டு. அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வில், ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்குமுன், பெயர் பதியாததாலோ உடல்நலமின்மையாலோ நேரமின்மையாலோ பலரால் ஓட்டுப் போட முடியாமல் போகிறது என்று சொல்லித் தொடங்கும் முன்னுரை உண்டு. போடாதவர் வெட்கப்பட்டு ‘போட்டேன்’ என்று சொல்லிவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. தெரியாமல் சாய்ந்த கேள்வியையும் தெரிந்தே சாய்த்த கேள்வியையும் பிரித்தறிய, சரிபார்ப்பவர் எழுதியவரிடம் ஒரு தடவை கேட்டுவிடுவதே வழி.

திருத்திய படிவத்தை நூலகத்துக்கு வரும் நாலைந்து பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொன்னால், தாளை எத்தனை தடவை வாசித்தாலும் தெரியாதது தெரிந்துவிடும். ‘புத்தகங்கள் திருப்தியா’ என்பதை ஒருவர் ‘தேடும் புத்தகம் கிடைக்கிறதா’ என்றும், இன்னொருவர் ‘கிழியாமல் இருக்கிறதா’ என்றும் சொன்னால், அந்த ஒற்றைக் கேள்விக்குள் இன்னும் இரண்டு இருக்கின்றன என்று பொருள்.

படிவம் ஏற்கெனவே அச்சாகி வாசகர் கைக்குப் போய்விட்டது என்று தெரியவந்தால், சரிபார்ப்பவர் சொல்லக்கூடியது வேறு. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கேள்விகளின் விடைகளைக் கூட்டி எண்ணாமல் விட்டுவிடலாம். முதல் கேள்வியின் எண்ணிக்கையை மனுவில் சேர்ப்பதென்றால், அதன் முழு வாசகத்தையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். நேரம் பற்றிய திருத்திய கேள்வியை மட்டும் ஒரு துண்டுத்தாளில் போட்டு, அடுத்த ஒரு வாரம் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாம்.