சொல்வதற்கு முன் ஒரு கேள்வி

ராபர்ட் பக்மன் ஒரே காலத்தில் இரண்டு வேலை பார்த்தவர். 1970களில் பிரிட்டன் தொலைக்காட்சியில் நகைச்சுவை நடிகர். மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர். ஒரு வேலையில் ஆட்களைச் சிரிக்க வைக்க வேண்டும். மற்றதில், வாழ்க்கையையே புரட்டிப்போடும் செய்தியை எதிரில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். இரண்டும் எதிரெதிர் துருவங்கள் போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் தேவையான திறமை ஒன்றுதான்: வாயைத் திறக்குமுன் எதிராளி எந்த மனநிலையில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வது.

அந்தப் பத்தாண்டின் முடிவில் பக்மனே ஒரு கடுமையான நோயில் விழுந்து பிழைத்தார். 1985இல் கனடாவின் டொரன்டோவுக்குக் குடிபெயர்ந்தார். துயரச் செய்தியை நோயாளியிடம் சொல்வது எப்படி என்று மருத்துவர்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். அது 1992இல் வெளியானது. பிறகு 2000ஆம் ஆண்டில் வால்டர் பெய்ல் முதலான அமெரிக்க மருத்துவர்களோடு சேர்ந்து அவர் ஆறு படிகள் கொண்ட ஒரு முறையை ‘தி ஆன்காலஜிஸ்ட்’ இதழில் வெளியிட்டார். ‘ஸ்பைக்ஸ்’ என்ற பெயரில் இன்று பல நாடுகளில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்றுத்தரப்படுவது அதுதான்.

அந்த முறையின் உயிர்நாடி இரண்டாவது படியில் இருக்கிறது. முதல் படி இடத்தைச் சரிசெய்வது: கதவைச் சாத்து, செல்போனை அடக்கு, நின்றபடி பேசாதே, உட்கார். இரண்டாவது படியில் மருத்துவர் செய்தியைச் சொல்வதில்லை, கேள்வி கேட்கிறார். “இந்த ஸ்கேன் எதுக்கு எடுத்தோம்னு உங்களுக்குச் சொல்லியிருக்காங்களா? நீங்க என்ன நினைச்சுக்கிட்டு இருக்கீங்க?” வெறும் வயிற்றுப் புண் என்று நம்பிக்கொண்டு வந்திருப்பவருக்கும், புற்றுநோயாகத்தான் இருக்கும் என்று ஒரு மாதமாகத் தூங்காமல் கிடந்தவருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல முடியாது. முன்னவரை மெல்ல மெல்ல அழைத்துவர வேண்டும். பின்னவரிடம் சுற்றி வளைத்தால் அதுவே கொடுமை.

மூன்றாவது படியில் இன்னொரு கேள்வி: எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? எல்லா விவரமும் வேண்டும் என்பவர் உண்டு; “என் பையன்கிட்ட சொல்லுங்க டாக்டர், எனக்கு என்ன செய்யணும்னு மட்டும் சொன்னா போதும்” என்பவரும் உண்டு. நான்காவது படியில்தான் செய்தியே வருகிறது. அதுவும் ஒரு முன்னறிவிப்போடு, சின்னச் சின்ன வாக்கியங்களில், நடுநடுவே நிறுத்தி. ஐந்தாவது, கேட்டவரின் அழுகைக்கோ கோபத்துக்கோ இடம் கொடுப்பது. அது ஓரளவு தணியும்வரை அடுத்த தகவலுக்குப் போகக் கூடாது. கடைசியாக, இனி என்ன செய்யப்போகிறோம் என்பது.

முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டியதற்கு ஏன் இத்தனை கேள்விகள் என்று தோன்றலாம். சொல்லாததை அறிவதைத் தமிழ் மரபு உயரத்தில் வைத்திருக்கிறது. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பில் ஒன்றுக்கு இரண்டு அதிகாரங்கள் உண்டு. அரசனின் மனம் அறிய வேண்டிய அமைச்சருக்காகப் பொருட்பாலில் 71ஆவது அதிகாரம். காதலியின் கண் சொல்வதை அறிய வேண்டிய காதலனுக்காகக் காமத்துப்பாலில் 110ஆவது. ஐயத்துக்கு இடமின்றி அடுத்தவர் மனத்தை உணர்பவனை வள்ளுவர் தெய்வத்தோடு சேர்த்துப் பேசுகிறார். அந்த ஒப்பீட்டிலேயே ஒரு செய்தி இருக்கிறது. அது எல்லாருக்கும் வாய்த்த திறமை என்று அவரும் நினைக்கவில்லை.

ஆய்வாளர்கள் அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். தால் எயால், மேரி ஸ்டெஃபெல், நிகோலஸ் எப்லி ஆகிய மூவர் 25 சோதனைகளின் முடிவுகளை 2018இல் வெளியிட்டார்கள். முகபாவத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்வது, பொய்ச் சிரிப்பையும் மெய்ச் சிரிப்பையும் பிரிப்பது, வாழ்க்கைத் துணைக்கு எது பிடிக்கும் என்று கணிப்பது எனப் பலவிதச் சோதனைகள். ‘உங்களை அவர் இடத்தில் வைத்துப் பாருங்கள்’ என்று சொல்லப்பட்டவர்கள், அப்படிச் சொல்லப்படாதவர்களைவிடச் சரியாகக் கணிக்கவில்லை. கணிப்பைத் திருத்தியது ஒன்றே ஒன்று: சம்பந்தப்பட்டவரிடமே முதலில் பேசித் தெரிந்துகொள்வது. பக்மனின் இரண்டாவது படியும் அதைத்தான் சொல்கிறது.

இதை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். அக்கா, தங்கை இருவர். இருவர் பிள்ளைகளும் அந்த ஆண்டு நீட் எழுதியிருக்கிறார்கள். தங்கை மகள் நித்யாவுக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அக்கா மகன் சூர்யாவுக்கு மதிப்பெண் போதவில்லை. செய்தி வந்த அரை மணி நேரத்தில் தங்கை போனை எடுக்கிறாள். “அக்கா! நித்யாவுக்குச் சீட்டு கிடைச்சிடுச்சு!” என்று ஆரம்பித்தால் மறுமுனையில் “ரொம்ப சந்தோஷம்டி” என்ற பதில் வரும். அதற்கு முன்னால் விழும் இரண்டு நொடி மௌனம்தான் உண்மையான பதில். மகிழ்ச்சியின் வேகத்தில் இருப்பவள் காதில் அது விழாது.

அதே செய்தியை வேறு மாதிரியும் சொல்லலாம்.

“அக்கா, இப்ப பேசலாமா? கையில வேலையா இருக்கியா?”

“இல்ல, சொல்லு.”

“சூர்யா எப்படி இருக்கான்?”

“ம்ம்… இருக்கான். காலையிலேருந்து ரூமை விட்டு வரலை.”

“சாப்பிட்டானா?”

“எங்க…”

இந்த இடத்தில் தங்கைக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்துவிட்டன. அக்காவின் மனம் இப்போது எங்கே இருக்கிறது என்பது ஒன்று. இனிப்பு டப்பாவோடு போய் நிற்க வேண்டிய நாள் இது அல்ல என்பது இன்னொன்று. அதற்காகச் செய்தியை மறைப்பதும் தவறு. நாளைக்குச் சொந்தக்காரர் யாராவது சொல்லித் தெரிந்தால் காயம் இரண்டு மடங்காகும். எனவே அவள் பேச்சின் வேகத்தைக் குறைக்கிறாள். “அக்கா, ஒரு விஷயம். வேற யாரும் சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம்னு நானே சொல்றேன். நித்யாவுக்கு இடம் வந்திருக்கு.” அவ்வளவுதான். எந்த ஊர், என்ன ரேங்க், மாமனார் என்ன சொன்னார் என்பதெல்லாம் இல்லை. அங்கே நிறுத்திக்கொள்கிறாள்.

அக்கா கொஞ்ச நேரம் கழித்து “எந்தக் காலேஜு?” என்று கேட்டால் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம், அந்த அளவுக்கு மட்டும் சொல்லலாம். “சரிடி, அப்புறம் பேசறேன்” என்றால் அதையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். “ஏன்க்கா, உனக்கு சந்தோஷமில்லையா?” என்ற கேள்வியை அங்கே கேட்கவே கூடாது.

நம் வீடுகளில் போனை எடுத்ததும் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்கிறோம். வெறும் சம்பிரதாயம் போலத் தோன்றினாலும் அதற்கு வரும் பதிலின் நீளமும் வேகமும் பல விஷயங்களைச் சொல்லிவிடும். தினமும் “ஆச்சு, இன்னிக்கு வத்தக்குழம்பு, உங்க வீட்டுல?” என்று பேச்சை நீட்டுகிறவர் ஒரு நாள் “ம்” என்று முடித்தால் அது கவனிக்க வேண்டிய ‘ம்’. ஆனால் எப்போதும் “ம்” என்றே பேசுகிறவரிடம் அது எதையும் காட்டாது. ஒருவரின் வழக்கத்தோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும். முன்பின் பழகாதவரிடம் முகத்தை வைத்து முடிவுக்கு வருவது ஆபத்தாவது இதனால்தான்.

நகைச்சுவைக்கு இந்த முன்கேள்வி வசதி கிடையாது. “ஒரு ஜோக் சொல்லட்டுமா, மனசு சரியா இருக்கா?” என்று கேட்டுவிட்டு யாரும் ஜோக் அடிப்பதில்லை. சொன்ன பிறகுதான் தெரியும். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில் நியூயார்க்கில் ஒரு விருந்து. மேடையில் ஏறிய நகைச்சுவைக் கலைஞர் கில்பர்ட் காட்ஃப்ரீட், தனக்கு நேரடி விமானம் கிடைக்கவில்லை என்றும், வழியில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு நிறுத்தம் என்றும் சொன்னார். அரங்கம் உறைந்தது. முணுமுணுப்பு எழுந்தது. ‘இதற்கு இன்னும் காலம் வரவில்லை’ என்று ஒருவர் குரல் கொடுத்தார். காட்ஃப்ரீட் ஜோக்குக்கு விளக்கம் சொல்லவில்லை, சிரிக்காதவர்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை. அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டு, நகைச்சுவைக் கலைஞர்கள் தங்களுக்குள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த ஒரு பழைய ஆபாசக் கதைக்குத் தாவினார். அதே அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்த மனிதர்கள் சிரிக்கவே முடியாத நிலையில் இல்லை. அந்த விமானத்தைப் பற்றி மட்டும் அவர்களால் சிரிக்க முடியவில்லை.

துயரத்தைப் பற்றிய கேலிக்கு எப்போது காலம் வரும் என்பதையும் அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள். 2012 அக்டோபரில் வீசிய சாண்டி புயலைப் பற்றிய நகைச்சுவைப் பதிவுகளைப் பீட்டர் மெக்ரா குழுவினர் வெவ்வேறு நாட்களில் மக்களிடம் காட்டினார்கள். புயல் சேதம் தெரிந்த உடனே சிரிப்பு குறைந்தது. பிறகு ஏறி, 36 நாட்கள் ஆனபோது உச்சத்துக்கு வந்து மறுபடி இறங்கியது. இதை வைத்து நாட்காட்டியில் தேதி குறித்துக்கொள்ள முடியாது. பெரும்பாலானவர்களுக்கு அது தொலைக்காட்சியில் பார்த்த புயல். வீட்டை இழந்தவரின் கணக்கு வேறு. துக்க வீட்டில் இறந்தவரின் குறும்பைச் சொல்லி முதலில் சிரிக்கும் உரிமை மகனுக்கோ மனைவிக்கோ உண்டு. அவர்கள் தொடங்கிய பிறகு மற்றவர் சேர்ந்துகொள்வது நம் ஊர் வழக்கம்.

முகமும் குரலும் இல்லாத இடத்தில் சிக்கல் இன்னும் கூடும். ஜஸ்டின் க்ரூகரும் எப்லியும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கிண்டல் வாக்கியங்களையும் நேரான வாக்கியங்களையும் சிலர் மின்னஞ்சலிலும் சிலர் குரலிலும் அனுப்பினார்கள். எந்த வழியில் அனுப்பினாலும் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்பது அனுப்பியவர்களின் எதிர்பார்ப்பு. குரலில் 73 சதவீதம் புரிந்தது. எழுத்தில் 56. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தாலே 50 வரும். எழுதுகிறவர் மனத்துக்குள் தன் குரலைக் கேட்டபடியே எழுதுகிறார். படிப்பவருக்கு அந்தக் குரல் போய்ச் சேர்வதில்லை.

பக்மன் 2011இல் லண்டனிலிருந்து டொரன்டோ திரும்பும் விமானத்தில் தூக்கத்திலேயே காலமானார். அவருடைய முறை எல்லா இடத்திலும் செல்லும் என்று சொல்ல முடியாது. “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்று கதவை மூடிக்கொள்பவரிடம் எந்தக் கேள்வியும் எடுபடாது. மூன்றாவது முறை கேட்டால் அக்கறை தொந்தரவாகிவிடும். நாலு பேர் நடுவில் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்வதும் இல்லை. ஆனாலும் அடுத்த முறை ஒரு பெரிய செய்தியோடு போனை எடுக்கும்போது, அதைச் சொல்லுமுன் “இப்ப பேசலாமா?” என்று கேட்டுவிட்டு, பதில் முழுதாக வரும்வரை காத்திருந்து பாருங்கள்.