பணிவும் தெளிவும்

ஆங்கிலேயர் ஆட்சிக்கால அலுவலகங்களில் ‘ஐ பெக் டு ஸ்டேட்’ என்று கடிதத்தைத் தொடங்குவதும், ‘தங்கள் மிகக் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ எனும் பொருள்பட ஆங்கிலத்தில் முடிப்பதும் வழக்கமாக இருந்தன. ‘தாழ்மையுடன் விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில்’, ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ போன்ற தொடர்கள் அவ்வழக்கை ஒத்தவை. ஆட்சி மாறிய பின்னரும் இத்தொடர்கள் விண்ணப்பங்களில் தொடர்கின்றன.

பேரூராட்சி அலுவலகத்திற்கு எழுதப்படும் ஒரு கடிதத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

“கனம் பொருந்திய செயல் அலுவலர் அவர்கள் சமூகத்திற்கு, மேற்படி ஊரில் வசிக்கும் அடியேன் மிகத் தாழ்மையுடன் விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில், எங்கள் தெருவில் விளக்குகள் எரியாமையால் பொதுமக்கள் பெரிதும் அவதியுறுவதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருவதுடன், ஆவன செய்தருளுமாறு வேண்டுகிறேன்.”

இதில் பணிவுச் சொற்கள் பல உள்ளன; செய்தியோ குறைவாகவே உள்ளது. ‘மேற்படி’ என்னும் சொல்லுக்கு முன்னர் எந்த ஊரும் குறிப்பிடப்படவில்லை. எந்தத் தெரு, எத்தனை விளக்குகள், எப்போதிலிருந்து எரியவில்லை என்பனவும் இல்லை. ‘ஆவன செய்தருளுமாறு’ என்பது வேண்டப்படும் செயலைக் கூறாமல் விடுகிறது. இக்கடிதத்தைக் கொண்டு பணியாளர் ஒருவர் பழுதான விளக்கைக் கண்டறிய இயலாது.

அதே கடிதத்தைப் பின்வருமாறு எழுதலாம்.

“ஐயா, நம் பேரூராட்சியின் 6ஆம் வார்டு, வடக்குத் தெருவில் 14, 15, 16 எண்ணுள்ள கம்பங்களின் விளக்குகள் ஜூன் 10 முதல் எரியவில்லை. மாலை வகுப்பு முடிந்து வரும் மாணவியர் இருளில் நடக்க நேர்கிறது. இம்மூன்று விளக்குகளையும் விரைவில் சரிசெய்து தருமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.”

இரண்டாம் கடிதத்தில் மதிப்பு குறையவில்லை. ‘ஐயா’ என்னும் விளியும், ‘தங்களை’ என்னும் பன்மைச் சொல்லும், ‘தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்னும் வேண்டுகோள் முடிவும் அதனைக் காக்கின்றன. பெறுநர் முகவரியில் பதவிப் பெயருடன் ‘அவர்கள்’ சேர்ப்பதும் போதிய மரியாதையாகும். ‘அடியேன்’ என்பது ‘நான்’ ஆகும்போது எழுதுபவர் தம்மைத் தாழ்த்திக்கொள்ளாமல், உரிமையுள்ள குடிமகனாக வேண்டுகிறார்.

எளிமைப்படுத்துவதிலும் எல்லை உண்டு. ‘விளக்கைச் சரிசெய்யவும்’ என்று எழுதினால், வேண்டுகோள் கட்டளையாக மாறிவிடும். ‘பொருள்’, ‘பார்வை’ ஆகிய தலைப்புகள் பழையனவாயினும் நீக்கத்தக்கன அல்ல. முன்னது கடிதத்தை உரிய பிரிவுக்கு அனுப்பவும், பின்னது முந்தைய கடிதத்துடன் இணைத்துப் பார்க்கவும் உதவுகின்றன.

எனவே ஒரு தொடரை நீக்குமுன் அதனை அடித்துவிட்டுக் கடிதத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். செய்தி, வேண்டுகோள், மரியாதை ஆகிய மூன்றில் ஒன்றேனும் குறைந்தால் அத்தொடர் தேவையானது. எதுவும் குறையாவிடில் அது வெற்றுச் சடங்கு.