16 மி.லி. மட்டும் சொன்னால் விடை வராது

"பியூரெட்டில் 16 மி.லி. செலவானது. அமிலத்தின் செறிவு என்ன?" வேதியியல் ஆய்வகத்தில் ஆசிரியரிடம் மாணவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. அளவீட்டைச் சரியாக எடுத்திருப்பார்கள். ஆனாலும் இந்தக் கேள்விக்கு எந்த ஆசிரியராலும் விடை சொல்ல முடியாது.

கடையில் வாங்கிய வினிகரை எடுத்துக்கொள்வோம். அதில் புளிப்பைத் தருவது அசிட்டிக் அமிலம். 10 மி.லி. வினிகரைக் குடுவையில் ஊற்றி, தண்ணீர் சேர்த்து 100 மி.லி. ஆக்குகிறார் மாணவர். அதிலிருந்து பிப்பெட்டால் 20 மி.லி. எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, இரண்டு சொட்டு பினாப்தலீன் சேர்க்கிறார். மேலே பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையைச் சுழற்றுகிறார். ஒரு சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு தோன்றி, அரை நிமிடம் மறையாமல் நின்றால் அதுவே முடிவு நிலை. பியூரெட் காட்டுவது 16.0 மி.லி.

இந்த 16.0 என்பது எவ்வளவு கரைசல் இறங்கியது என்பதை மட்டுமே சொல்கிறது. அமிலத்தோடு வினைபுரிந்தது அந்தக் கரைசலில் கரைந்திருக்கும் காரம். அது எத்தனை மோல் என்று தெரிய, கன அளவைச் செறிவால் பெருக்க வேண்டும்.

காரம் 0.1 மோலார் என்று வைத்துக்கொள்வோம். 0.016 லிட்டரை 0.1 ஆல் பெருக்கினால் 0.0016 மோல். இனி சமன்பாடு தேவை:

```
CH3COOH + NaOH → CH3COONa + H2O
```

ஒன்றுக்கு ஒன்று என்பதால் 20 மி.லி.யில் இருந்த அமிலமும் 0.0016 மோல்தான். அதன் செறிவு 0.08 மோலார். பத்து மடங்கு நீர்த்த கரைசல் என்பதால் அசல் வினிகர் 0.8 மோலார். அசிட்டிக் அமிலத்தின் மோலார் நிறை 60 கிராம். எனவே லிட்டருக்கு 48 கிராம், அதாவது 4.8 விழுக்காடு.

காரம் 0.05 மோலாராக இருந்தால் அதே 16.0 மி.லி.க்கு விடை 2.4 விழுக்காடு. இந்தியாவில் வினிகரில் அமிலம் குறைந்தது 3.75 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது உணவுத் தர விதி. ஒரே பியூரெட் அளவு, ஒரு செறிவில் வினிகரைத் தேறவைக்கிறது, இன்னொன்றில் தோற்கடிக்கிறது. நீர்த்ததைக் குறிப்பிட மறந்தாலோ 4.8 என்பது 0.48 ஆகிவிடும்.

சமன்பாடு விடுபட்டால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. இரு பொருள்களின் பெயரும் தெரிந்தால் சமன்பாட்டைப் பெரும்பாலும் எழுதிவிடலாம். குடுவையில் கந்தக அமிலம் இருந்தால் ஒரு மோலுக்கு இரண்டு மோல் காரம் வேண்டும். அமிலத்தின் மோல் எண்ணிக்கை பாதியாகிவிடும்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் வரும்போது பெயர் மட்டும் போதாது. போதிய அமிலம் இருக்கும் ஊடகத்தில் அதன் ஒரு மோல் ஐந்து எலக்ட்ரான்களை ஏற்கும். நடுநிலை ஊடகத்தில் மூன்று. அமிலம் போதவில்லை என்பதைக் குடுவையே காட்டிக்கொடுக்கும். ஊதா நிறம் மறைந்து தெளிவாவதற்குப் பதில் பழுப்பாகக் கலங்கும். மாங்கனீஸ் டை ஆக்சைடு உருவாகிவிட்டது என்று பொருள். அந்த அளவீட்டைத் தள்ளிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

நம் பள்ளிகளில் பழகிய V1N1 = V2N2 வாய்பாட்டில் சமன்பாடு எங்கே போனது? அது நார்மாலிட்டிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அமில ஊடகத்தில் 0.02 மோலார் பெர்மாங்கனேட் என்பது 0.1 நார்மல். ஆகவே சீசாவில் வெறுமனே '0.1' என்று ஒட்டியிருந்தால், மோலாரா நார்மலா என்று தெரியாமல் விடை ஐந்து மடங்கு பிசகலாம்.

செறிவை மட்டும் எந்தப் பெயரிலிருந்தும் ஊகிக்க முடியாது. சோடியம் ஹைட்ராக்சைடை எடைபோட்டு அறிவதும் நம்பகமில்லை; அது காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் லிட்டருக்கு 6.3 கிராம் ஆக்சாலிக் அமிலப் படிகம் கரைத்த 0.05 மோலார் திட்டக் கரைசலைக்கொண்டு முதலில் காரத்தின் செறிவைக் கண்டுபிடிக்கிறார்கள்.

கன அளவு மட்டும் உதவும் இடம் ஒன்று உண்டு: ஒப்பீடு. 1756இல் எடின்பரோவின் பிரான்சிஸ் ஹோம், துணி வெளுக்கப் பயன்படும் பொட்டாஷின் தரத்தை, நீர்த்த நைட்ரிக் அமிலத்தைத் தேக்கரண்டி தேக்கரண்டியாக விட்டு, நுரைப்பு நிற்கும்வரை எண்ணிச் சோதித்தார். ஒரே அமிலத்தைப் பயன்படுத்தும்வரை, அதிகக் கரண்டி கேட்ட பொட்டாஷே வலுவானது. அதேபோல ஒரே காரக் கரைசலில், ஒரே அளவு எடுத்த இரு வினிகர்களுக்கு 16.0, 12.0 மி.லி. செலவானால் அவற்றின் வலிமை 4:3 என்று உறுதியாகச் சொல்லலாம். எத்தனை விழுக்காடு என்று மட்டும் சொல்ல முடியாது.

ஆகவே கணக்கைக் கேட்கும் மாணவர்கள் ஐந்து விவரங்களைச் சேர்த்து எழுதுங்கள்: பியூரெட்டில் என்ன, அதன் செறிவு என்ன அலகில், குடுவையில் என்ன, எத்தனை மி.லி., எத்தனை மடங்கு நீர்த்தது. பெர்மாங்கனேட் என்றால் ஊடகத்தையும் குறிப்பிடுங்கள். செறிவு தெரியாவிட்டால் எண்ணை ஊகித்துப் போடாமல், சீசாவின் சீட்டைப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் அந்தக் கரைசலையே முதலில் தரம் பாருங்கள்.