ஃப்ளூவும் நிமோனியாவும் சர்க்கரை நோயாளியைத் தேடி வரும் வழி

2009-ல் எச்1என்1 வைரஸ் பன்றிக்காய்ச்சல் என்ற பெயரோடு உலகைச் சுற்றி வந்தபோது, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் யாருக்கு அது முற்றுகிறது என்று ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அந்தக் காய்ச்சலால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. சேர்ந்த பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு நான்கு மடங்கு. பரவியது ஒரே வைரஸ்தான். அது இறங்கிய உடம்புதான் வேறு.

ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு உண்டு. கண், சிறுநீரகம், பாதம் என்று வருடம் தவறாமல் பார்த்துக்கொள்பவர்கள்கூட, ‘தடுப்பூசி போட்டீர்களா?’ என்று கேட்டால், ‘அது குழந்தைகளுக்குத்தானே?’ என்று திருப்பிக் கேட்பதுண்டு.

வெள்ளையணு எங்கே தடுமாறுகிறது?

நுரையீரலுக்குள் கிருமி நுழைந்ததும் முதலில் ஓடி வருவது நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு. அது ரத்தக் குழாயைவிட்டு வெளியேறி, கிருமி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதை விழுங்கிக் கொல்ல வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை தொடர்ந்து உயர்ந்திருந்தால் இந்த வேலைகள் எல்லாமே மந்தமாகின்றன. அணுக்களின் எண்ணிக்கை குறைவதில்லை. பரிசோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும். திறன்தான் குறைந்திருக்கும்.

இன்னொரு பக்கம், ரத்தத்தில் ஏறும் சர்க்கரை மூச்சுக்குழாயின் உட்பரப்பை நனைத்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்திலும் கசிகிறது. பாக்டீரியாவுக்கு அது உணவு.

காய்ச்சலும் தன் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். தொற்று வந்ததும் உடல் கார்ட்டிசால், அட்ரினலின், குளுக்ககான் ஆகியவற்றைச் சுரக்கிறது. இவை கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே தள்ளுவதோடு இன்சுலினின் வேலையையும் கெடுக்கின்றன. ஏறிய சர்க்கரை சிறுநீரோடு வெளியேறும்போது நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. உடல் வறள்கிறது, வெள்ளையணு இன்னும் தளர்கிறது, தொற்று இன்னும் பரவுகிறது.

கூடவே இதயமும் இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு, ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு என்று காட்டியது. ஏற்கெனவே ரத்தக்குழாய் பழுதுபட்டவருக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்தி.

ஒரு வாரக் காய்ச்சல்: ஒரு மாதிரி

58 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி 8.6. மெட்ஃபார்மினும் டாபாகிளிஃப்ளோசினும் சாப்பிடுகிறார். தடுப்பூசி எதுவும் போட்டதில்லை. ஐப்பசி மழையில் வீட்டுப் பேரக் குழந்தைக்குச் சளி, இரண்டு நாளில் தாத்தாவுக்குக் காய்ச்சல்.

முதல் நாள் 102 டிகிரி, உடம்பெல்லாம் வலி. பாராசிட்டமால் போட்டுக்கொள்கிறார். இரண்டாம் நாள் வாய் கசந்து கஞ்சிகூட இறங்கவில்லை. ‘சாப்பிடாதபோது மாத்திரை எதற்கு?’ என்று எல்லா மாத்திரையையும் அவரே நிறுத்திவிடுகிறார். வழக்கமாக 150 காட்டும் சர்க்கரைமானி 290 காட்டுகிறது. சாப்பிடாமலே இப்படி ஏறுமா என்று நம்ப முடியாமல் மானியை மாற்றிப் பார்க்கிறார். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்குகிறது; வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

ஏழாம் நாள் இரவு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் திரும்புகிறது. மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்துகிறது. சளி துருப்பிடித்த நிறத்தில் வருகிறது. மனைவி கவனித்தது வேறு: சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வேகமாக இருக்கிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். மருத்துவமனையில் ஆக்சிஜன் அளவு 89, சர்க்கரை 412. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப் பகுதி வெள்ளையாகத் தெரிகிறது. ஆன்டிபயாடிக், இன்சுலின், சலைன் மூன்றும் நரம்பு வழியே ஏறுகின்றன.

இறங்கிய காய்ச்சல் திரும்பி வந்ததுதான் இதில் முக்கியமான அடையாளம். ஃப்ளூ வைரஸ் மூச்சுக்குழாயின் உட்சுவரை அரித்துவிட்டுப் போகிறது. பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் தொந்தரவில்லாமல் குடியிருக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியா அந்தப் புண்ணான வழியில் நுரையீரலுக்குள் இறங்குகிறது. 1918-ன் பெரும் ஃப்ளூவில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது இப்படிப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாதான் என்பதை, பாதுகாத்து வைக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2008-ல் எடுத்துக்காட்டினார்கள்.

இந்த ஒரு வாரத்தை மூன்று இடங்களில் தடுத்திருக்கலாம். இரண்டு இடம் தடுப்பூசிகளுக்கு உரியவை. மூன்றாவது, முதல் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்ப்பது. இந்திய அரசின் ஃப்ளூ வழிகாட்டுதல், சர்க்கரை நோயாளிகளை ஆபத்து அதிகமுள்ள பிரிவில் வைத்து, அவர்களுக்கு ஓசல்டாமிவிர் மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறது. அது சீக்கிரம் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

ஆண்டுதோறும் ஒன்று: ஃப்ளூ ஊசி

ஃப்ளூ வைரஸ் தன் மேலுறையை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் எந்த வகைகளை ஊசியில் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், அறிவிக்கிறது. போன வருட ஊசி இந்த வருடத்துக்குப் போதாமல் போவது இதனால்தான். ஊசி தந்த எதிர்ப்பாற்றல் மாதங்கள் போகப் போகக் குறைவதும் இன்னொரு காரணம்.

எப்போது போட வேண்டும் என்பது ஊரைப் பொறுத்தது. இந்தியாவின் பல நகரங்களில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு உச்சத்துக்கு வருகிறது. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர்–நவம்பரில் அது கூடுவதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஊசி வேலை செய்ய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால், மழை தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. தவறவிட்டவர் பிறகு போட்டாலும் பயன் உண்டு.

பலன் எவ்வளவு? வைரஸ் வகை ஒத்துப்போகும் ஆண்டுகளில் ஃப்ளூ வந்து மருத்துவரைப் பார்க்க நேரும் வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் குறைகிறது. ஒத்துப்போகாத ஆண்டில் அதைவிடக் குறைவு. ஆக, ஊசி போட்டவருக்கும் ஃப்ளூ வரலாம். ஆனால் நோய் முற்றுவதைத் தடுப்பதில் அதன் பங்கு பெரியது. இங்கிலாந்தில் டைப் 2 சர்க்கரை உள்ள 1,24,503 பேரை ஏழு ஃப்ளூ பருவங்களுக்குத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2016-ல் வெளியானது. ஊசி போட்டவர்களிடம் பக்கவாதத்துக்காக மருத்துவமனையில் சேர்வது 30 சதவீதமும், இறப்பு 24 சதவீதமும் குறைவாக இருந்தன. இது கவனித்துப் பதிந்த ஆய்வுதான். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை அல்ல. ஊசி போட்டுக்கொள்பவர்கள் பொதுவாகவே உடல்நலத்தில் அக்கறை கொண்டவர்களாக இருக்கலாம் என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

செயலிழந்த வைரஸால் ஆன ஊசியைத்தான் சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ள வேண்டும். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வகையில் உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் இருப்பதால் அது அவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

கணக்குப் போட்டுப் போடுவது: நிமோகாக்கஸ் ஊசி

நிமோகாக்கஸில் 100-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. தடுப்பூசியின் பெயரோடு வரும் 13, 20, 23 போன்ற எண்கள், அது எத்தனை வகைகளைத் தடுக்கிறது என்பதைச் சொல்கின்றன. எண் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. தயாரிப்பு முறையும் முக்கியம். 23 வகை ஊசியில் பாக்டீரியாவின் சர்க்கரை உறை மட்டுமே இருக்கிறது. அது தரும் பாதுகாப்பு சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். 13, 20 வகை ஊசிகளில் அந்த உறையை ஒரு புரதத்தோடு இணைத்திருப்பார்கள். புரதம் சேர்ந்ததும் உடல் அதை நீண்ட நாள் நினைவில் வைத்துக்கொள்கிறது.

நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 84,500 பேரிடம் 13 வகை ஊசியைச் சோதித்தார்கள். ஊசியில் உள்ள வகைகளால் வரும் நிமோனியா ஏறத்தாழ 45 சதவீதமும், ரத்தத்தில் பரவும் கடுமையான தொற்று 75 சதவீதமும் குறைந்தன. ஊசியில் இல்லாத வகைகளும் வேறு கிருமிகளும் நிமோனியாவைத் தரத்தான் செய்யும்.

வழக்கமான வரிசை இது: முதலில் 13 அல்லது 15 வகை, ஓராண்டு கழித்து 23 வகை. 20 வகை ஊசி கிடைத்து, அதைப் போட்டுக்கொண்டால் ஒரு முறையே போதும். முன்பே 23 வகை போட்டவர் ஓராண்டு இடைவெளிவிட்டுப் புரதம் இணைத்த வகையைப் போடலாம். எந்த ஊசி, எந்தத் தேதி என்ற சீட்டு கையில் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் குழம்பிவிடும். சர்க்கரைப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைப்பது வசதி.

மற்ற ஊசிகள்

சர்க்கரை நோயாளிகளுக்கான ஊசிப் பட்டியலில் ஹெபடைடிஸ் பி இருப்பதற்கு ஒரு குறிப்பான காரணம் உண்டு. அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் விரல் குத்தும் கருவியையும் சர்க்கரைமானியையும் பலருக்குப் பொதுவாகப் பயன்படுத்தியதால் இந்த வைரஸ் பரவியது தெரியவந்தது. 2011-ல் அந்நாட்டு வல்லுநர் குழு, 60 வயதுக்கு உட்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசியைப் பரிந்துரைத்தது. பொதுவாக 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. கணவனும் மனைவியும் ஒரே குத்தும் பேனாவைப் பயன்படுத்தும் வீடுகளில், ஊசி மட்டும் போதாது. ஆளுக்கொரு பேனா வேண்டும்.

அக்கி எனப்படும் ஹெர்பஸ் சோஸ்டருக்கு 50 வயதுக்குமேல் இரண்டு தவணை, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில். விலை அதிகம். பாதப் புண் வரக்கூடியவர்களுக்கு டெட்டனஸ்–டிப்தீரியா ஊசியைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது அவசியம். கோவிட் ஊசியைப் பற்றி அந்தந்த நேரத்து வழிகாட்டுதல்படி மருத்துவர் சொல்வார்.

ஊசி போடும் நாளும் காய்ச்சல் வந்த நாளும்

சர்க்கரை கட்டுக்குள் வரட்டும் என்று ஊசிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கடும் காய்ச்சல் இருந்தால் மட்டும் சில நாள் தள்ளிப்போடலாம். ஃப்ளூவையும் நிமோகாக்கஸையும் ஒரே நாளில் இரு கைகளில் போடலாம். கை வலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் போகும். அந்த நாட்களில் சர்க்கரை கொஞ்சம் ஏறலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை முன்கூட்டியே சொன்னால், மெல்லிய ஊசி போட்டு, சில நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். பெரியவர்களுக்கான ஃப்ளூ, நிமோகாக்கஸ் ஊசிகள் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லாததால் பெரும்பாலும் சொந்தச் செலவில்தான் போட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் வாங்க முடியாதவர் எதை முதலில் போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

இத்தனைக்குப் பிறகும் காய்ச்சல் வந்தால், இன்சுலின் போடுபவர் அதைத் தானாக நிறுத்தக் கூடாது. சாப்பிடாவிட்டாலும் அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு அல்லது உடல் வறட்சி இருந்தால் மெட்ஃபார்மினையும் கிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளையும் மருத்துவரைக் கேட்டுத் தற்காலிகமாக நிறுத்துவது வழக்கம். கிளிஃப்ளோசின் சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் கீட்டோன் ஏறும்போதும் சர்க்கரைமானி இயல்பான எண்ணையே காட்டலாம். குமட்டல், வயிற்று வலி, ஆழ்ந்த வேகமூச்சு இருந்தால் எண்ணை நம்பாமல் கீட்டோன் பார்க்கச் சொல்ல வேண்டும்.