‘எனலாம்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

தமிழில் எழுதிய ஆய்வுக் கட்டுரையை ஆங்கில ஆய்விதழுக்காக மாற்றி எழுதும்போது கலைச்சொற்கள் அவ்வளவு தொல்லை தருவதில்லை. அவற்றுக்கு அகராதி இருக்கிறது. இடறி விழுவதெல்லாம் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் வினைமுற்றில்தான். பருத்தி வயலில் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளித்து, அசுவினி குறைகிறதா என்று பார்த்த ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரே ஊர், ஒரே பருவம். கட்டுரையின் முடிவுப் பகுதி இப்படி இருக்கிறது:

“வேப்பங்கொட்டைச் சாறு அசுவினியைக் குறிப்பிடத்தக்க அளவில் கட்டுப்படுத்தும் என்பது ஐயத்திற்கிடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது. சாற்றிலுள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாமல் தடுத்ததே இதற்குக் காரணம் எனலாம். உழவர்கள் இதைப் பயன்படுத்தலாம்.”

தமிழில் படிக்கும்போது உறுத்தவில்லை. அப்படியே ஆங்கிலமாக்கினால் மதிப்பீட்டாளர் மூன்று வாக்கியத்திலும் பென்சில் வைப்பார்.

முதலில் ‘கட்டுப்படுத்தும்’. ஆங்கில ஆய்வுக் கட்டுரையில் இதை நிகழ்கால வினையாக எழுதினால், எந்த வயலிலும் எந்தப் பருவத்திலும் இது நடக்கும் என்று பொருள்படும். ஒரு பருவத்துச் சோதனை அந்தப் பாரத்தைத் தாங்காது. கண்ணால் பார்த்து எண்ணியது எப்போதுமே இறந்தகாலம்: தெளித்த செடிகளில் அசுவினி எண்ணிக்கை குறைவாக இருந்தது. சோதனை செய்த முறையும் இறந்தகாலம்தான். ஆனால் ‘அட்டவணை 2 காட்டுகிறது’ என்பது நிகழ்காலம். அட்டவணை இன்றும் வாசகர் கண்முன் இருக்கிறதே. முன்னோர் பலரின் ஆய்வைச் சேர்த்துச் சொல்லும்போது நாம் ‘கூறியுள்ளனர்’ என்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ சேர்ந்த வடிவம் நன்றாகவே பொருந்தும். ஆனால் அந்தப் பழக்கத்தில் நம் சொந்த முடிவுக்கும் ‘நிரூபிக்கப்பட்டுள்ளது’ என்று அதே வடிவத்தைப் போட்டால், இது வேறு யாரோ முன்பே கண்டது போலத் தோன்றிவிடும்.

அடுத்தது ‘எனலாம்’. இதில் நான் நெடுநேரம் நிற்பேன். தமிழில் இது பெரும்பாலும் அவையடக்கம். எழுதுபவருக்கு ஐயமே இல்லாத இடத்திலும் வரும். சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் எதையும் சொல்லாத ஒரு வாக்கியம் கிடைக்கும். ஆகவே கட்டுரையாளரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பூச்சி தின்றதா இல்லையா என்று அளந்தீர்களா? அளக்கவில்லை, எண்ணிக்கையை மட்டுமே எடுத்தோம் என்றால், காரணம் ஓர் ஊகம். அங்கே ‘மே ஹேவ்’ போட்டு, ‘தடுத்திருக்கலாம்’ என்ற பொருளில் எழுத வேண்டும். ‘தடுத்ததே’ என்பதிலுள்ள ஏகாரமும் போய்விட வேண்டும். அளந்திருந்தால் ‘எனலாம்’ வேண்டியதில்லை, முடிவை நேராகச் சொல்லிவிடலாம்.

தயக்கச் சொல் ஊகத்துக்கு உரியது, எண்ணிப் பார்த்ததற்கு உரியதல்ல. இதைத் தலைகீழாகச் செய்வதுதான் நான் அதிகம் திருத்தும் பிழை: ‘எண்ணிக்கை குறைந்திருக்கலாம்’ என்று கூச்சப்பட்டுவிட்டு, காரணத்தை அடித்துச் சொல்வது. தயக்கத்தை அடுக்கவும் கூடாது. ‘மே’, ‘பாசிப்ளி’, ‘சஜஸ்ட்’ மூன்றும் ஒரே வாக்கியத்தில் நின்றால் அங்கே கருத்தே மிஞ்சாது. ஆனால் அளவோடு தயங்குவது பலவீனம் அல்ல. 1953 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் டிஎன்ஏ அமைப்பை அறிவித்த வாட்சனும் கிரிக்கும், மரபுப்பொருள் தன்னை நகலெடுக்கும் முறை பற்றி அங்கே ஒரே ஒரு வாக்கியம்தான் எழுதினார்கள். அதையும் நிறுவியதாகச் சொல்லாமல், அமைப்பு சுட்டும் ஒரு சாத்தியமாகவே சொன்னார்கள். அன்று அவர்கள் கையில் இருந்தது அமைப்பு மட்டுமே. நகலெடுப்பை யாரும் பார்த்திருக்கவில்லை.

‘பயன்படுத்தலாம்’ என்பதில் வேறொரு சிக்கல். நம் ‘-லாம்’ அனுமதிக்கும் வரும், இயலும் என்பதற்கும் வரும், பரிந்துரைக்கும் வரும். ஒரு பருவத்துச் சோதனையிலிருந்து உழவருக்குப் பரிந்துரை எழுத இயலாது. வேறு இடங்களிலும் பருவங்களிலும் சோதித்துப் பார்க்கத் தகுந்தது என்பதே இங்கு நேர்மையான பொருள்.

ஒரு சொல்லை மட்டும் தனியே எச்சரிக்க வேண்டும். ‘குறிப்பிடத்தக்க’ என்றதும் கை ‘சிக்னிஃபிகன்ட்’ என்று எழுதிவிடும். ஆய்விதழில் அந்தச் சொல் புள்ளியியல் சோதனைக்கு உரியது. சோதனை செய்து, p மதிப்பும் பக்கத்தில் இருந்தால் எழுதலாம். இல்லையென்றால், எத்தனையிலிருந்து எத்தனையாகக் குறைந்தது என்று எண்ணையே கொடுத்துவிடலாம்.

புள்ளியியல் சோதனை தேறியது, தின்றதை அளக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், ஆங்கிலத்தில் போக வேண்டிய பொருள் இதுதான்: “சாறு தெளித்த செடிகளில் அசுவினி எண்ணிக்கை, தெளிக்காதவற்றைவிடப் புள்ளியியல்படி தெளிவாகக் குறைந்திருந்தது. அசாடிராக்டின் பூச்சியின் தீனியைத் தடுத்திருக்கலாம்; இச்சோதனையில் அதை நாங்கள் அளக்கவில்லை. வேறு இடங்களிலும் பருவங்களிலும் சோதித்த பிறகே பரிந்துரைக்க இயலும்.”