‘பனி’ ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

விழா அழைப்பிதழ்களிலும் உள்ளூர்ச் செய்திகளிலும் அடிக்கடி கண்ணில் படும் பிழை இது: ‘பனி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்.’ கணினியின் பிழைதிருத்தி இதன்கீழ் சிவப்புக் கோடு போடாது. போடவும் முடியாது. ‘பனி’ அகராதியில் உள்ள சரியான சொல். தவறு சொல்லில் இல்லை, அது வந்து உட்கார்ந்த இடத்தில் இருக்கிறது.

ஆகவே மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கும் தமிழாசிரியர்களுக்கும் வேறொரு கருவி தேவைப்படுகிறது. காதுக்கு ஒன்றாகக் கேட்டு, எழுத்தில் வேறுபடும் சொற்களின் பட்டியல்தான் அது. பள்ளிப் புத்தகம் இவற்றை மயங்கொலிச் சொற்கள் என்கிறது. ஆனால் அங்கே கிடைப்பவை இருபது முப்பது இணைகள்தான். கையில் பத்தாயிரம் சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருந்தால், அதில் ஒளிந்திருக்கும் எல்லா இணைகளையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு சொல்லையும் மற்ற எல்லாச் சொற்களோடும் ஒப்பிடப் புறப்பட்டால் ஆயுள் போதாது. பத்தாயிரம் சொல்லுக்கு ஏறத்தாழ ஐந்து கோடி ஒப்பீடுகள் ஆகும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அதன் ஒலி வடிவத்தை எழுதிவிட வேண்டும். மயங்கும் எழுத்துகள் எட்டுதான்: ல, ள, ழ, ர, ற, ண, ந, ன. இவற்றில் ள, ழ வந்தால் ல என்று எழுதுங்கள். ற வந்தால் ர. ண, ந வந்தால் ன. பிறகு அந்த ஒலி வடிவத்தை வைத்து வரிசைப்படுத்தினால், ஒத்த சொற்கள் தாமாகவே அடுத்தடுத்து வந்து நிற்கும்.

சின்னப் பட்டியல் ஒன்றில் செய்து பார்ப்போம். கரி, அலை, பணி, இறை, அழை, வால், கறி, பனி, அளை, இரை, கூரை, வாள், கூறை, நாடு. மாற்றி எழுதியதும் அலை, அழை, அளை மூன்றும் ‘அலை’ ஆகிவிடுகின்றன. கடலில் எழுவது, கூப்பிடுவது, பிள்ளைகள் மண்ணில் கைவிட்டுத் துழாவுவது என மூன்றும் ஒரே குழு. வாலும் வாளும் ஒன்று சேர்கின்றன. கரி–கறி, பணி–பனி, இறை–இரை இணைகின்றன. வீட்டின் கூரையும் கல்யாணக் கூறைச் சேலையும் கைகோத்துக்கொள்கின்றன. நாடு மட்டும் ‘னாடு’ என்ற விநோத வடிவத்தோடு தனியே நிற்கிறது. அதனால் ஒன்றும் கெடவில்லை. ஒலி வடிவம் அச்சுக்குப் போவதில்லை, வரிசைப்படுத்த மட்டும்தான்.

எக்செல் தெரிந்தவர்களுக்கு இது அரைமணி வேலை. முதல் பத்தியில் சொற்களை வைத்து, பக்கத்துப் பத்தியில் இந்தச் சூத்திரத்தைப் போட்டு, கடைசி வரை இழுத்துவிட்டால் போதும்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(A2,"ற்ற","த்த"),"ற","ர"),"ழ","ல"),"ள","ல"),"ண","ன"),"ந","ன")
```

உயிர்மெய் எழுத்துகளுக்கு ஏன் தனி விதி இல்லை என்று கேட்கலாம். கணினிக்குள் ‘ளை’ என்பது ஒரே எழுத்தாக இல்லை. ‘ள’ ஒன்றும் அதற்குரிய ஐகாரக் குறி ஒன்றுமாக இரண்டு துண்டாக இருக்கிறது. ‘ள’வை மாற்றினால் ‘ளை’யும் ‘லை’ ஆகிவிடும்.

சூத்திரத்தின் நடுவில் ‘ற்ற’ ‘த்த’ ஆவதைக் கவனித்திருப்பீர்கள். பேச்சில் நாம் காற்றைக் ‘காத்து’ என்கிறோம். எனவே ‘வயலைக் காத்து நின்றான்’ என்பதில் வரும் ‘காத்து’வும் காற்றும் காதுக்கு ஒன்றுதான். முற்று–முத்து, விற்று–வித்து, பற்று–பத்து எல்லாம் இப்படித்தான் மாட்டுகின்றன. இந்த மாற்றம் முதலில் நடந்தாக வேண்டும். ‘ற’வை முன்னதாக ‘ர’ ஆக்கிவிட்டால் ‘காற்று’ ‘கார்ரு’ என்றாகிவிடும். அப்புறம் ‘ற்ற’ விதிக்குப் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. பிழைச் செய்தி எதுவும் வராது. இணைகள் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். சூத்திரத்தில் உள்ளே இருப்பதுதான் முதலில் நடக்கும் என்பதால் அதை உள்ளே வைத்திருக்கிறோம்.

‘ந’வுக்கான விதி ஏறக்குறைய வெட்டி வேலை என்று தோன்றும். தமிழ்ச் சொல் ‘ன’வில் தொடங்காது. சொல்லின் நடுவில் ‘ந’ பெரும்பாலும் ‘த’வுக்கு முன்னால்தான் வரும், அதனால்தான் அதைத் தந்நகரம் என்கிறோம். இரண்டும் ஒரே இடத்தில் மோதிக்கொள்வது அபூர்வம். ஆனாலும் முந்நூறு–முன்னூறு என்ற ஒரே இணைக்காக இந்த விதியை வைத்துக்கொள்ளலாம். மூன்று நூறு என்பது முந்நூறு. முன்னூறு என்றால் முன்னால் உள்ள நூறு. காசோலையில் இதைத் தப்பாக எழுதாதவர்கள் கை தூக்கலாம்.

இனி, ஏமாறும் இடங்களுக்கு வருவோம். மேலே சொன்ன விதிகள் யாருடைய வாய்க்கு? மதுரைக்குத் தெற்கே பலர் பழத்தைப் ‘பளம்’ என்பார்கள். அவர்களுக்கு ழவும் ளவும் ஒன்று, ல வேறு. அவர்கள் காதில் அழையும் அளையும் இணை, அலை தனி. குமரி மாவட்டத்தில் பலர் ரவையும் றவையும் பிரித்தே உச்சரிக்கிறார்கள். அங்கே கரி–கறி குழப்பமே இல்லை. ‘ற்ற’ ‘த்த’ ஆவதும் யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாது. எனவே பட்டியல் எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கோ அந்த ஊர்ப் பேச்சைக் கேட்டு விதியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

இரட்டிப்பும் ஒரு வம்பு. பள்ளியும் பல்லியும் ஒரே ஒலி வடிவம் பெறுகின்றன. ஆனால் ‘ள்ள’ என்று இரட்டிக்கும்போது நாக்கு நன்றாக மடங்கிக்கொள்வதால், பெரும்பாலோர் வாயில் இரண்டும் தெளிவாகவே வேறுபடுகின்றன. இந்த இணைகளை உரக்கச் சொல்லிப் பார்த்துத்தான் வைப்பதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

மிகவும் தொல்லை தருவது ஔகாரம். ‘கௌரவம்’ என்பதைப் பலர் கெ, ள, ரவம் என்று தட்டுகிறார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது. நம் சூத்திரமோ அந்த ‘ள’வையும் நிஜ ளகரம் என்று நம்பி ‘கெலரவம்’ ஆக்கிவிடும். ஒலி வடிவப் பத்தியில் இப்படி அர்த்தமற்ற ஒரு ‘ல’ எட்டிப் பார்த்தால், காரணம் அநேகமாக இதுதான். ‘ஒள’ வரும் இடமெல்லாம் ‘ஔ’ போட்டுவிடலாம் என்று அவசரப்பட்டால் ‘ஒளி’ சிதைந்துவிடும். எ, ஒ ஒலிக்குப் பின்னால் குறியோ புள்ளியோ இல்லாமல் மொட்டையாக ‘ள’ வந்தால் மட்டும் சந்தேகப்படுவது நல்லது.

இவ்வளவும் செய்த பிறகு கிடைக்கும் குழுக்களை மனிதக் கண் ஒருமுறை பார்த்தே தீர வேண்டும். பவளம்–பவழம், கருப்பு–கறுப்பு என்பவை இணையாக வந்து நிற்கும். இவை ஒரே பொருளுக்கு இரண்டு எழுத்து வழக்குகள், வெவ்வேறு சொற்கள் அல்ல. ‘வறுமை’க்குப் பக்கத்தில் ‘வருமை’ வந்தால் மூலப் பட்டியலிலேயே எழுத்துப்பிழை இருக்கிறது என்று பொருள். அதை அங்கேயே திருத்திவிட வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பொருளையும் எழுதிக்கொண்டே போனால் இந்த மூன்று வகையும் தாமாகப் பிரிந்துவிடும். பொருள் எழுத வராத சொல்லை அகராதியில் தேடுங்கள்; அங்கும் இல்லையென்றால் அடித்துவிடலாம்.