கரிய லேபலில் வெள்ளைக் கோடு: இலச்சினையின் ஓரத்தைச் சரிசெய்வது எப்படி?

மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல்மா போன்றவற்றைப் பொதிசெய்து விற்கும் குழுக்கள் இப்போது தமக்கென ஓர் இலச்சினையை வைத்திருக்கின்றன. அவ்வாறான ஒரு குழு, சிவப்பு மிளகாய் வடிவிலான தனது இலச்சினையைக் கறுப்பு லேபலில் அச்சிடக் கொடுத்தது. வெள்ளைத்தாளில் அழகாகத் தெரிந்த மிளகாயைச் சுற்றி, அச்சாகி வந்த லேபலில் வெளிறிய ஒரு கோடு ஓடியிருந்தது. கத்தரிக்கோலால் சரியாக வெட்டாமல் ஒட்டியது போன்ற தோற்றம். 500 லேபல்கள் வீணாயின. பிழை அச்சகத்தினுடையதன்று; கொடுத்த படத்திலேயே அது இருந்தது. அது எவ்வாறு உண்டாகிறது, அச்சுக்குக் கொடுக்குமுன் எவ்வாறு நீக்கலாம் என்பதை இங்கு பார்ப்போம்.

வெள்ளை எங்கிருந்து வருகிறது?

கணனியில் உள்ள படம் சிறுசிறு சதுரப் புள்ளிகளால் ஆனது. வளைந்த மிளகாயின் ஓரம் படிக்கட்டுப் போலத் தெரியாதிருக்க, ஓரத்திலுள்ள புள்ளிகளில் சிவப்பும் பின்னணியின் வெள்ளையும் கலந்திருக்கும். இதனாலேயே ஓரம் மென்மையாகத் தெரிகிறது.

ஒவ்வொரு புள்ளியின் நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் குறிக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை செல்லும். நமது மிளகாயின் நிறம் 200, 0, 0 என்று கொள்வோம். வெள்ளை 255, 255, 255 ஆகும். பாதி மிளகாயும் பாதி வெள்ளையும் கலந்த ஓரப்புள்ளி 228, 128, 128 ஆகிறது. அது சிவப்பு அன்று, இளஞ்சிவப்பு.

இப்போது வெள்ளைப் பின்னணியை நீக்கி, அந்த ஓரப்புள்ளியைப் பாதி ஒளிபுகும்படி செய்கிறோம். அதன் மறுபாதி வழியாகப் புதிய பின்னணி தெரியும். ஆனால் புள்ளியின் நிறம் இன்னும் அதே இளஞ்சிவப்புத்தான். கறுப்பின் மேல் வைத்தால் அது 114, 64, 64 என்று தெரியும். அவ்விடத்தில் வரவேண்டியதோ 100, 0, 0. இடையில் கூடியிருக்கும் அந்த 64தான் நமது கண்ணுக்கு வெளிறிய கோடாகப் படுகிறது. வெள்ளைத்தாளின் மேல் வைத்தால் கூடியிருக்கும் வெள்ளை தாளோடு கலந்து மறைந்துவிடும். அதனாலேயே முதலில் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

ஆகவே நினைவில் வைக்கவேண்டியது இதுதான்: பின்னணியை நீக்கிவிட்டோம், ஆனால் அது ஓரப்புள்ளிகளின் நிறத்துக்குள் தங்கிவிட்டது. ஓரத்தை மேலும் மங்கச் செய்வதால் இது போகாது. ஒளிபுகும் அளவை அப்படியே விட்டு, நிறத்தை மட்டும் மாற்றவேண்டும்.

முதலில் சோதித்துப் பாருங்கள்

GIMP என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் இலச்சினையை அதில் திறவுங்கள். Layer பட்டியலில் New Layer மூலம் புதிய அடுக்கு ஒன்றை உண்டாக்கி, அதைக் கறுப்பால் நிரப்பி, இலச்சினையின் அடுக்குக்குக் கீழே இழுத்து வையுங்கள். பின்னர் படத்தை 400 வீதத்துக்குப் பெருப்பித்து ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். சிவப்பு படிப்படியாகக் கறுப்பில் அடங்கினால் படம் நல்லது. இடையில் இளஞ்சிவப்போ சாம்பலோ தெரிந்தால் திருத்தவேண்டும். இலச்சினையைச் சுற்றி முழு வெள்ளைச் சதுரம் தெரிந்தால், பின்னணி இன்னும் நீக்கப்படவேயில்லை என்று பொருள்.

ஒரே நிறமுள்ள இலச்சினைக்கு

அடுக்குகளின் பட்டியலில் இலச்சினையின் அடுக்கைத் தெரிவுசெய்யுங்கள். அங்கே சதுரங்கப் பலகை போன்ற சிறு அடையாளம் ஒன்று உண்டு. அதன் மேல் சுட்டியை வைத்தால் Lock alpha channel என்று காட்டும். அதை அழுத்துங்கள். இனி நிறத்தை மாற்றலாம், ஆனால் எந்தப் புள்ளி எவ்வளவு ஒளிபுகும் என்பது மாறாது.

அடுத்து நிறம் எடுக்கும் கருவியால் மிளகாயின் நடுப்பகுதியிலிருந்து சிவப்பை எடுங்கள். ஓரத்திலிருந்து எடுக்கவேண்டாம், அங்கிருப்பது கலப்பு நிறம். பின்னர் Edit பட்டியலில் Fill with FG Color என்பதை அழுத்துங்கள். ஓரப்புள்ளிகள் உட்பட யாவும் 200, 0, 0 ஆகிவிடும். பாதி ஒளிபுகும் புள்ளி இப்போது கறுப்பின் மேல் 100, 0, 0 என்றே தெரியும். கோடு மறைந்துவிடும், ஓரத்தின் மென்மை அப்படியே இருக்கும்.

பச்சைக் காம்பும் இருந்தால்

முழுவதையும் சிவப்பால் நிரப்பினால் காம்பும் சிவந்துவிடும். எனவே அதே பூட்டைப் போட்டபின், தூரிகைக் கருவியால் மிளகாயின் ஓரத்தில் சிவப்பையும் காம்பின் ஓரத்தில் பச்சையையும் தனித்தனியே பூசுங்கள். பூட்டு இருப்பதால் தூரிகை வெளியே சென்றாலும் வெற்றிடத்தில் நிறம் ஒட்டாது. இரண்டு நிறங்களும் சந்திக்கும் இடத்தில் மட்டும் கவனம் தேவை.

பல நிறங்கள் கலந்த படமாயின் இவ்வாறு பூசமுடியாது. அப்போது ஓரத்தில் ஒரு புள்ளி அகலத்தைக் குறைக்கலாம். Layer பட்டியலில் Transparency என்பதன் கீழ் Alpha to Selection, பின்னர் Select பட்டியலில் Shrink என்று சென்று 1 என்று கொடுங்கள். அடுத்து Invert செய்து Delete விசையை அழுத்துங்கள். Lock alpha channel இதற்குத் திறந்திருக்கவேண்டும். ஆனால் மெல்லிய கோடுகளும் சிறு எழுத்துகளும் இதனால் தேய்ந்துபோகும். ஆகவே வேறு வழி இல்லாதபோது மட்டுமே இதைச் செய்யுங்கள்.

வெள்ளைப் பின்னணியோடு மூலப்படம் இருந்தால்

Colors பட்டியலில் உள்ள Color to Alpha வெள்ளையை நீக்குவதோடு, கலப்பு நிறத்திலிருந்தும் வெள்ளையைப் பிரித்தெடுக்கும். ஆனால் அது இலச்சினையின் உட்பகுதியில் உள்ள வெளிறிய நிறங்களையும் ஒளிபுகச் செய்துவிடும். 200, 40, 30 போன்ற சிவப்பிலேகூட மூன்று எண்களிலும் சிறிதளவு வெள்ளை இருப்பதாக அது கணக்கிடும். கறுப்பின் மேல் வைத்துப் பார்க்கும்போது மிளகாயின் நடுப்பகுதி மங்கினால், அதே சாளரத்தில் உள்ள Opacity threshold என்ற அளவைக் குறைத்துப் பாருங்கள். இலச்சினைக்குள் வெள்ளை எழுத்து இருந்தால் அதுவும் மறைந்துவிடும் என்பதை மறக்கவேண்டாம். ஏற்கெனவே வெட்டிய படத்தில் இதைச் செய்தால் ஓரம் இரண்டாம் முறையும் மெலியும். எனவே இது மூலப்படத்துக்கு மட்டுமே உரியது.

சேமிக்கும்போதும் அனுப்பும்போதும்

கீழே வைத்த கறுப்பு அடுக்கை மறைத்துவிட்டு, File பட்டியலில் Export As மூலம் பி.என்.ஜி. வடிவில் சேமியுங்கள். அது ஒரு புள்ளி எவ்வளவு ஒளிபுகும் என்பதை 256 படிகளில் வைத்திருக்கக்கூடியது. ஜே.பி.ஜி. வடிவில் ஒளிபுகும் தன்மையே இல்லை. ஜி.ஐ.எஃப். வடிவில் ஒரு புள்ளி முழுதாகத் தெரியும் அல்லது முழுதாக மறையும். மென்மையான ஓரத்துக்கு அதில் இடமில்லை.

வட்ஸ்அப்பில் அச்சகத்துக்கு அனுப்புவதாயின் படமாக அனுப்பவேண்டாம், கோப்பாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது ஜே.பி.ஜி. ஆக மாறி, செய்த வேலை முழுவதும் வீணாகும். அத்துடன், இலச்சினை கறுப்பு லேபலில் பதிந்த நிலையில் ஒரேயொரு மாதிரியை முதலில் அச்சிட்டுக் காட்டும்படி கேளுங்கள். அதன் ஓரத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தபின்பே மீதியை அச்சிடச் சொல்லுங்கள்.